அலுவலகத்துக்கு ஒரு பொங்கல் காட்சி

பொங்கலன்று அலுவலகம் விடுமுறை. அதனால் பெரும்பாலான அலுவலகங்களில் முந்தைய வேலை நாளிலேயே பொங்கல் கொண்டாடப்படுகிறது. பல மதத்தவர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் அதற்கான அலங்காரத்தை அறுவடையை மையமாக வைத்து அமைப்பது நல்லது. கரும்பு, மஞ்சள் கொத்து, புதுப்பானை, தோரணம் ஆகியவை எல்லோருக்கும் சொந்தமானவை. சாமி படம், விளக்கு, குங்குமம், படையல் என்று சேரும்போதுதான் அது பூஜை ஆகிறது. பூஜை செய்வது தவறல்ல. ஆனால் படைத்த பொங்கலைச் சாப்பிட முடியாத ஒரு சக ஊழியர் அங்கே ஒதுங்கி நிற்க நேரும். படைக்காமல் பகிர்ந்தால் அந்தச் சங்கடம் எழாது. சர்க்கரை நோயாளிக்கு வெண்பொங்கலும் இருக்கட்டும்.

இருபத்தைந்து பேர் உள்ள அலுவலகத்தில் அலங்காரத்துக்கு 1,500 ரூபாய் போதும். கரும்புக்கும் மஞ்சளுக்கும் 300, பானைக்கும் பன்னிரண்டு சிறு மண் கிண்ணங்களுக்கும் 400, செண்டுப் பூவுக்கு 300, குருத்தோலைக்கும் மாவிலைக்கும் 150, கோலமாவுக்கு 150 என ஒதுக்கினால் கயிறு, அட்டை வாங்க 200 மிஞ்சும். பொங்கல் நெருங்க நெருங்க மல்லிகை விலை ஏறும் என்பதால் அதை விட்டுவிடலாம். பணம் அலுவலக நிதியிலிருந்து வந்தால் நல்லது. தலைக்கு இவ்வளவு என்று பட்டியல் போட்டு வசூலித்தால், விருப்பமில்லாதவரும் மறுக்க முடியாமல் கொடுப்பார்.

அந்தக் கிண்ணங்கள்தான் காட்சியின் உயிர். விரும்புபவர்கள் தம் ஊரில் விளையும் தானியத்தில் ஒரு கைப்பிடி கொண்டுவரலாம். ஒருவர் மாப்பிள்ளைச் சம்பா, இன்னொருவர் கேழ்வரகு, வேறொருவர் சாமை. பஞ்சாபிலிருந்து வந்தவர் கோதுமை கொண்டுவந்தால், அதே நாட்களில் அங்கு வரும் லோஹ்ரி பற்றியும் பேச்சு எழும். கிண்ணத்தின் முன் அட்டையில் தானியத்தின் பெயரும் ஊரும் மட்டும் போதும். மதமோ சாதியோ அங்கே எழுதப்படுவதில்லை.

கோலத்துக்குப் புள்ளிக்கோலமே பொருத்தம். உயிருருவம் வரையத் தயங்கும் இஸ்லாமியரும் தயக்கமின்றிக் கைகொடுக்கலாம். வழவழப்பான டைல்ஸ் தரையில் மாவு ஒட்டாது. மிதிப்பவர் வழுக்கி விழவும் கூடும். பழைய அட்டைப் பெட்டியைப் பிரித்து, நான்கடி சதுரமாக ஒட்டி, அதன் மேல் கோலமிட்டு ஓரமாக வைப்பது பாதுகாப்பானது. கரும்பை வழியிலோ தீயணைப்பான் முன்போ சாய்த்து வைக்கக் கூடாது. அதன் தோகையின் விளிம்பு கையைக் கிழிக்கும். நறுக்கிய முனையில் எறும்பு மொய்க்கும். அதனால் தோகையின் நுனியைக் கழித்து, அடிப்பகுதியைக் காகிதத்தால் சுற்றிக் கட்ட வேண்டும். ஏசி ஓடும் அறையில் மாவிலை சீக்கிரம் சுருளும். விழா நாள் காலையில் கட்டினால்தான் பசுமையாக இருக்கும்.

இதில் சேர விரும்புகிறாரா என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்க வேண்டும். கூட்டத்தில் கேட்டால் எல்லோரும் "சரி" என்றுதான் சொல்வார்கள். வேண்டாம் என்பவரிடம் காரணம் கேட்கத் தேவையில்லை. விழா முடிந்த மாலையே காட்சியைக் கலைத்து, கரும்பைப் பகிர்ந்து, தானியத்தை அவரவரிடம் திருப்பித் தந்துவிடலாம். விடுமுறை முழுவதும் விட்டுவைத்தால் எறும்பும் வண்டும் வந்து சேரும்.