ரிலீவிங் லெட்டர் இன்னும் வரல, திங்கக்கிழமை ஜாயின் பண்ணலாமா?

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "புது கம்பெனி ஜாயினிங் அன்னைக்கே ரிலீவிங் லெட்டர் கேக்குது, பழைய கம்பெனி ஒரு மாசம் ஆகும்ங்குது. என்ன சொல்றது?" இதுல நான் மாட்டின கதையையே சொல்லிடறேன். ரெண்டு கம்பெனி பேரும் வேண்டாம், தேதிகள் மட்டும் போதும்.

2024 மார்ச் தொடக்கத்துல ரிசைன் பண்ணேன். தொண்ணூறு நாள் நோட்டீஸ். மே 31 வெள்ளிக்கிழமை கடைசி நாள். புது கம்பெனி சென்னையில, ஜூன் 10 திங்கக்கிழமை ஜாயினிங். நோட்டீஸ் பீரியட்ல கடைசி மூணு வாரம் வீட்டுல இருந்துதான் வேலை. வீடுன்னா திருச்சுழி பக்கம், அருப்புக்கோட்டையிலிருந்து பஸ் ஏறிப் போகணும். சுத்தி மானாவாரி நிலம், மே மாசத்துல கண்மாய்ல தண்ணியும் கிடையாது, சீமைக்கருவேலம்தான் நிக்கும். லேப்டாப்பைத் திருப்பி எடுத்துக்க கம்பெனி ஒரு கூரியர் பிக்கப் போட்டாங்க. எங்க பின்கோடுக்கு அந்த கூரியர் வராது. நானே அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோய் அனுப்பறதா முடிவாச்சு. கடைசி நாள் வரைக்கும் லேப்டாப் கையில வேணும், அதனால ஜூன் 1 சனிக்கிழமைதான் அனுப்ப முடியும்.

மே 29 அன்னைக்கு எக்ஸிட் டீம்கிட்ட இருந்து பதில் வந்துச்சு. லேப்டாப் வந்து, அசெட் டீம் பார்த்து, கிளியரன்ஸ் முடிச்ச பிறகுதான் ரிலீவிங் லெட்டர். நாள் எவ்வளவு ஆகும்னு சொல்ல முடியாது.

அப்பா அருப்புக்கோட்டையில ஒரு ஸ்பின்னிங் மில்லுல இருந்தவர். "ஏம்ப்பா, வேலைய நீ விட்டுட்ட, சரி. அவுங்க உன்னைய விட்டுட்டாங்களா?"ன்னு கேட்டார். சிரிச்சேன். ஆனா புது ஹெச்.ஆர். கேக்கறதும் அதே கேள்விதான்.

அவங்களுக்கு அந்தப் பேப்பர் முக்கியம் இல்ல, பேப்பர்ல இருக்குற மூணு தகவல்தான் முக்கியம். ஒண்ணு, ராஜினாமாவை அவங்க ஏத்துக்கிட்டாங்களா. ரெண்டு, கடைசி வேலை நாள் எது. மூணு, நோட்டீஸ் பாக்கி, பணப் பாக்கி, வழக்குன்னு ஏதாவது தொங்குதா. ரெண்டாவது ஏன் அவ்வளவு முக்கியம்னா, ஒரே நாள்ல ரெண்டு கம்பெனியில நீங்க வேலைக்காரரா இருக்கக் கூடாது. 2022 செப்டம்பர்ல விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி, போட்டி நிறுவனங்களுக்கும் சேர்த்து வேலை பார்த்த 300 பேரை வெளியே அனுப்பினதா மேடையிலயே சொன்னாரு. அதுக்கப்புறம் எல்லா ஹெச்.ஆர். கண்ணும் இந்தத் தேதி மேலதான்.

அப்போ தற்காலிக டாக்குமெண்ட்னா என்ன? அந்த மூணையும் பழைய கம்பெனி தன் வாயாலயே சொல்ற ஏதோ ஒரு எழுத்து. எங்கிட்ட ராஜினாமாவை ஏத்துக்கிட்ட மெயில் இருந்துச்சு. ஆனா அது மார்ச்ல வந்தது. "மே 31 கடைசி நாளா இருக்கும்"னு எதிர்காலத்துல சொல்லுது. நடுவுல தேதி மாறியிருக்கலாம்னு யாரும் கேக்கலாம். எக்ஸிட் போர்ட்டல் ஸ்கிரீன்ஷாட்டும் அப்படித்தான், அதை யார் வேணும்னாலும் மாத்தலாம்னு ஹெச்.ஆருக்குத் தெரியும்.

அதனால மே 29 மதியமே பழைய ஹெச்.ஆருக்கு எழுதினேன். லெட்டர் உடனே வேணும்னு கேக்கல. கேட்டா "பிராசஸ்ல இருக்கு"ன்னு ஒரு வரி வரும், அவ்வளவுதான். அதுக்குப் பதிலா மூணு வரி மெயில் ஒண்ணு கேட்டேன். இன்னாருடைய ராஜினாமா ஏற்கப்பட்டது, கடைசி வேலை நாள் 2024 மே 31, நோட்டீஸ் முழுசா முடிஞ்சது, சொத்து ஒப்படைப்பு முடிஞ்சதும் லெட்டர் தரப்படும். வார்த்தைகளை நானே எழுதிக் கொடுத்தேன். அவங்க காப்பி பண்ணி அனுப்பினா போதும்.

இதுல இன்னொண்ணு கேட்டேன், மறக்காதீங்க. அந்த மெயிலை என் பர்சனல் ஐ.டி.க்கும் சேர்த்து அனுப்பச் சொன்னேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் மெயில் மூடிரும். நானே ஃபார்வர்ட் பண்ணிக்கலாமேன்னு தோணும், பண்ணாதீங்க. ஆபீஸ் மெயில்ல இருந்து வெளி ஐ.டி.க்கு நாமளா அனுப்புறதை நிறைய கம்பெனி பாலிசி தடுக்கும். கடைசி வாரத்துல அதுக்கு ஒரு எச்சரிக்கை கிளம்பினா, இருக்குற தாமதத்துக்கு மேல இன்னொரு தாமதம். ஹெச்.ஆரே அனுப்பினா கம்பெனி டொமைன்ல இருந்து நேரா உங்க இன்பாக்ஸுக்கு வரும். புது கம்பெனிக்கு அதை அப்படியே ஃபார்வர்ட் பண்ணலாம், சந்தேகம் வராது. மே 30 காலையில அந்த மெயில் வந்துச்சு.

அன்னைக்கே புது கம்பெனிக்கு எழுதிட்டேன். பதினோரு நாள் முன்னாடி. ஜாயினிங் அன்னைக்குக் காலையில ரிசப்ஷன்ல நின்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க. அங்க உக்காந்திருக்கிறவங்ககிட்ட ஒரு செக்லிஸ்ட்தான் இருக்கும், விலக்கு கொடுக்குற அதிகாரம் இருக்காது. உங்களை வீட்டுக்கு அனுப்புறதுதான் அவங்களுக்குச் சுலபம்.

மெயில் இங்கிலீஷ்லதான் போச்சு. சாரத்தைச் சொல்றேன்:

"ஜூன் 10 நான் சேர்வதில் மாற்றம் இல்லை. என் கடைசி வேலை நாள் மே 31, நோட்டீஸ் முழுவதும் முடிகிறது. லேப்டாப் கூரியரில் போக வேண்டியிருப்பதால் ரிலீவிங் லெட்டர் ஜூன் 10-க்குள் கிடைக்காமல் போகலாம். கடைசி நாளை உறுதி செய்து பழைய ஹெச்.ஆர். அனுப்பிய மெயிலும், ராஜினாமா ஏற்பு மெயிலும், கடைசி மூன்று மாத பே-ஸ்லிப்பும் இத்துடன் உள்ளன. இவற்றைத் தற்காலிகமாக ஏற்று ஜூன் 10 சேர அனுமதி உண்டா? உண்டென்றால் லெட்டரை எந்தத் தேதிக்குள் தர வேண்டும்?"

மன்னிப்பு எங்கயும் கேக்கல, பழைய கம்பெனியைத் திட்டவும் இல்ல. தாமதத்துக்குக் காரணம் ஒரே வரி. அந்தக் காரணம் ஏன் முக்கியம்னா, லேப்டாப்னு தெரிஞ்சா ஹெச்.ஆருக்கு நிம்மதி. காரணமே சொல்லலைன்னா, நோட்டீஸ் முடிக்காம ஓடி வர்றான் போலன்னு நினைப்பாங்க. நிஜமாவே நோட்டீஸ் பாக்கி இருந்தா, பணம் கட்ட வேண்டியிருந்தா, அதை லேப்டாப் கதையா மாத்தாதீங்க. பின்னாடி வெரிஃபிகேஷன் ஏஜென்சி பழைய ஹெச்.ஆரைக் கேக்கும்போது வெளிய வந்துரும். லெட்டரை நாமளே டைப் பண்ணிக் கொடுக்குறதைப் பத்திப் பேசவே வேண்டாம்.

அன்னைக்கு பதில் வரல. மறுநாள் காலையில போன் பண்ணேன். ரெக்ரூட்டருக்கு இல்ல, ஆன்போர்டிங் பாக்குறவங்களுக்கு. ரெக்ரூட்டர் "ஒண்ணும் பிரச்சனை இல்ல ப்ரோ, வாங்க"ன்னுதான் சொல்வாரு, அது வாய் வார்த்தை. ஆன்போர்டிங்ல, "சேரலாம், ஆனா ஒரு அண்டர்டேக்கிங் கையெழுத்துப் போடணும்"னாங்க. முப்பது நாளைக்குள்ள லெட்டர் தரேன், தரலைன்னா வேலையிலிருந்து நீக்கலாம்னு நாமளே எழுதிக் கொடுக்குறது அது.

அந்தக் கடைசி வரியில நான் நின்னேன். லெட்டர் என் கையில இல்ல, பழைய கம்பெனி கையில இருக்கு. அவங்க தூங்கினா என் வேலை போகுமா? கேட்டேன். ஃபார்மை மாத்த முடியாதுன்னாங்க. ஆனா பழைய கம்பெனி பக்கம் தாமதம்னு எழுத்துல காட்டினா அறுபது நாள் வரைக்கும் நீட்டிப்போம்னு மெயில்ல எழுதிக் கொடுத்தாங்க. அந்த மெயில் வந்த பிறகுதான் சென்னையில பி.ஜி.க்கு அட்வான்ஸ் அனுப்பினேன்.

முடியாதுன்னு சொல்லியிருந்தா? ஜாயினிங்கைத் தள்ளத்தான் வேணும். அப்படித் தள்ளினா புதுத் தேதி போட்ட ஆஃபர் லெட்டரை வாங்கிக்கோங்க. பழைய தேதியிலயே விட்டா, அது காலாவதி ஆயிடுச்சுன்னு அவங்க பின்னாடி சொல்ல இடம் இருக்கு.

நிறைய பேர் கேட்டது, லெட்டருக்குப் பதிலா பி.எஃப். காட்டலாமான்னு. யு.ஏ.என். போர்ட்டல்ல Service History-ல வெளியேறின தேதி வந்துட்டா அது நல்ல சாட்சி. ஆனா அது இந்த அவசரத்துக்கு உதவாது. ஒரு மாச பி.எஃப். கணக்கை கம்பெனி அடுத்த மாசம் 15-ம் தேதிக்குள்ள போடலாம். வெளியேறின தேதியை அதோட சேர்த்து ஏத்துறதுதான் வழக்கம். மே 31 வெளியேறினவருக்கு ஜூன் 10 அன்னைக்கு அங்க ஒண்ணும் தெரியாம இருக்கலாம். Mark Exit-னு நாமளே பதியற வசதி இருக்கு, ஆனா கடைசி பி.எஃப். தொகை வந்து ரெண்டு மாசம் கழிச்சுத்தான் அது திறக்கும்.

சரி, ஜூன் 10 சேர்ந்தேன். லேப்டாப் போன செவ்வாய்க்கிழமையே போய்ச் சேர்ந்திருந்துச்சு, அசெட் டீம் அதைத் திறந்து பார்த்தது 13-ம் தேதி. ரிலீவிங் லெட்டர் ஜூலை 2 அன்னைக்கு வந்துச்சு. உடனே புது ஹெச்.ஆருக்கு ஃபார்வர்ட் பண்ணப் போனேன். நல்லவேளை, ஒரு தடவை படிச்சேன்.

"ஜூன் 13 முதல் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்"னு இருக்கு.

கிளியரன்ஸ் முடிஞ்ச தேதியை விடுவிச்ச தேதியா சிஸ்டம் போட்டுருச்சு. பேப்பர்ல பார்த்தா ஜூன் 10-ல இருந்து 13 வரைக்கும் நான் ரெண்டு கம்பெனியிலயும் வேலை பார்த்திருக்கேன். எந்தச் சந்தேகம் வரக் கூடாதுன்னு அவ்வளவு மெயில் எழுதினேனோ அதையே இந்த லெட்டர் கிளப்புது.

மே 30 வந்த மூணு வரி மெயிலை இணைச்சு, "உங்க ஹெச்.ஆர். உறுதி செஞ்ச கடைசி நாள் மே 31, லெட்டர்ல ஜூன் 13 இருக்கு, திருத்தித் தாங்க"ன்னு எழுதினேன். சம்பளமும் மே 31 வரைக்கும்தான் போட்டிருந்தாங்க, அந்த பே-ஸ்லிப்பையும் வெச்சேன். புது ஹெச்.ஆருக்கும் அன்னைக்கே சொல்லிட்டேன், லெட்டர் வந்துடுச்சு, தேதி தப்பா இருக்கு, திருத்தக் கேட்டிருக்கேன்னு. முப்பது நாள் கெடு ஜூலை 10. திருத்தின லெட்டர் வந்தது ஜூலை 9 ராத்திரி.

ஊருக்குப் போனப்போ அப்பாகிட்ட காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு தேதியை மட்டும் பார்த்தாரு. "இப்பத்தான் விட்டிருக்காங்க"ன்னாரு.