மூன்று என்று எழுதுங்கள்



ஆசிரியத் தொழிலில் இருந்தவர்களுக்குப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை வந்து சேரும் வேலை ஒன்று உண்டு. அதுவே ஜனத்தொகைக் கணக்கெடுப்பு. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 9 முதல் 28 வரை அந்தப் பணி நடந்தது. இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் எனக்கு வீடுகளைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். அவற்றுள் ஒரு வீட்டு வாசலில் நடந்ததைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

திண்ணையில் பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். நான் படிவத்தை விரித்தவுடன், "வாத்தியாரே, இது வரி போடுவதற்கா, ரேஷன் அட்டையைக் குறைப்பதற்கா?" என்று கேட்டார்.

"இரண்டுக்கும் இல்லை, ஐயா. நீங்கள் சொல்வதை வேறு எவரும் பார்வையிட முடியாது. நீதிமன்றத்திலும் சாட்சியாகக் காட்ட முடியாது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது" என்றேன்.

"சட்டம் சொல்லும், தாசில்தார் என்ன சொல்வாரோ!" என்று சிரித்தார். ஆனாலும், "சரி, கேளும்" என்றார்.

வீட்டில் எத்தனை பேர் என்றேன். மூவர் என்றார்: அவர், மனைவி, மகன். மகன் எங்கே என்று விசாரித்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. பொங்கலுக்கு வந்து போனவன் இனித் திருவிழாவுக்குத்தான் வருவானாம்.

"அப்படியானால் அவரை இங்கே எழுதக்கூடாது, ஐயா."

அவர் முகம் சிவந்துவிட்டது. "என் பிள்ளை என் வீட்டுக்காரன் இல்லையா?"

"உங்கள் பிள்ளைதான். ஆனால் இந்த இருபது நாளில் ஒரு நாளும் அவர் இங்கே தங்கவில்லை, அங்கே குடியிருக்கிறார். திருப்பூரில் என்னைப் போன்ற ஒருவர் அவர் கதவைத் தட்டி எழுதிக்கொள்வார். நானும் எழுதினால் ஒருவர் இருவராகிவிடுவார்; இருவரும் விட்டுவிட்டால் அவர் இல்லாமலே போய்விடுவார்."

பெரியவர் சற்று யோசித்து, "ஒரே நெல்லை இரண்டு மரக்காலில் அளப்பது போல" என்றார். எனக்கு அந்த விளக்கம் தோன்றவில்லையே என்று வெட்கமாயிருந்தது.

அடுத்தது மனைவியின் பெயர். "பெண்பிள்ளை பெயர் உமக்கு எதற்கு?" என்று மீண்டும் முரண்டினார். "சொல்ல வேண்டியதில்லை" என்றேன். அவர் வியந்து பார்த்தார். வீட்டுப் பெண்களின் பெயரைச் சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்தக்கூடாது. மனைவியும் கணவன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. அதே சட்டத்தின் 8-ஆவது பிரிவில் இது இருக்கிறது. மறுக்கும் உரிமை தமக்கு உண்டு என்று அறிந்தபிறகே அவர் என்னை நம்பத் தொடங்கினார் என்று நினைக்கிறேன். "திண்ணைக்கு வாரும்" என்றார். அதுவரை நான் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன்.

"அம்மாவுக்குக் குழந்தைகள் எத்தனை?" என்று கேட்டேன்.

"இரண்டு. ஆண் ஒன்று, பெண் ஒன்று. பெண்ணைக் கட்டிக்கொடுத்தாயிற்று."

பலர் இங்கேதான் தவறுவார்கள். குழந்தைகள் எத்தனை என்றால் இருக்கும் குழந்தைகளையே சொல்வது உலக வழக்கம். ஆகவே தனித்தனியாகக் கேட்கவேண்டும்: உடன் இருப்பவர் எத்தனை, வெளியூரில் இருப்பவர் எத்தனை, பிறந்து இறந்தவர் உண்டா என்று. நானும், "உயிரோடு பிறந்து பிறகு தவறிய குழந்தை உண்டா, ஐயா?" என்றேன்.

"போனதைக் கேட்டு என்ன செய்யப்போகிறீர்?" அவர் குரல் கடுமையாயிற்று.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "மூன்று என்று எழுதுங்கள், ஐயா. மூத்தது பெண். ஏழு மாதத்தில் அம்மை கண்டு போய்விட்டது."

பெரியவர் தலை கவிழ்ந்தார். சிறிது நேரம் கழித்து நான் மெல்லச் சொன்னேன்: "அந்தக் குழந்தையின் மரணத்தை எந்தப் பதிவேட்டிலாவது எழுதினீர்களா?" இல்லை என்று தலையசைத்தார்.

"அதற்காகத்தான் இந்தக் கேள்வி. இங்கே இரண்டு கட்டங்கள் உண்டு. பிறந்தவை மூன்று, இருப்பவை இரண்டு. ஒரே வயதுத் தாய்மார்கள் எல்லோரிடமும் கேட்டு இந்த வித்தியாசத்தைக் கூட்டினால், பிறக்கும் குழந்தைகளில் எத்தனை வளராமல் போகின்றன என்பதைப் பதிவேடு இல்லாமலே மதிப்பிடலாம். நீங்கள் இரண்டு என்றால், இவ்வீட்டில் எந்தக் குழந்தையும் சாகவில்லை என்றே கணக்கு சொல்லும்."

அவர் பதில் பேசவில்லை. பிறந்தவை என்ற இடத்தில் ஆண் ஒன்று, பெண் இரண்டு என்று எழுதினேன். இருப்பவை என்ற இடத்தில் ஆண் ஒன்று, பெண் ஒன்று.

எழுதி முடித்ததும் அந்த அம்மாள் கதவோரம் வந்து நின்று, குழந்தையின் பெயரைச் சொன்னார். படிவத்தில் அதற்கு இடமில்லை, நானும் எழுதவில்லை. ஆனால் தம் பெயரையே சொல்லாத அந்த அம்மாள் சொன்ன அந்த ஒரு பெயரை நான் இன்றுவரை மறக்கவில்லை.