ஏரி இருந்த பேட்டை



உருத்தெரியாமல் மாறிவிட்ட பேட்டையைப் பற்றி எழுதப் புகுகிறவர், மறைந்த கட்டடங்களுக்கு ஜாபிதா தயாரிப்பதற்கு முன்னால், அதன் ஞாபகத்தில் தமக்குரிய ஸ்தானம் எது என்பதை நிர்ணயித்துக்கொள்ள வேண்டும். நான் பிறந்து வளர்ந்த மாம்பலத்தையே எடுத்துக்கொள்கிறேன். இன்று ஜவுளிக்கடைகளும் நகைக்கடைகளும் நெருங்கி நிற்கும் தியாகராய நகரின் பெரும்பகுதி, 1923-ஆம் ஆண்டில் நீரை வடித்து மனைகளாக்கத் தொடங்கும்வரை, நெடிய ஏரியொன்றின் படுகையாக இருந்தது. மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோடு, பார்ப்பதற்கு ஏரியில்லாமற்போன பின்பும் அப்பெயரை விடாமல் வைத்திருக்கிறது.

அந்த ஏரியை நான் கண்டதில்லை. ஆயினும் சிறு வயதுமுதல் கேட்டுக் கேட்டு, கண்டதுபோலவே மனத்தில் பதிந்திருக்கிறது. இந்த இடத்தில்தான் எழுதுகிறவருக்கு நிதானம் வேண்டும்.

எங்கள் தெருவில் 1936-இல் பிறந்த மூதாட்டி ஒருவர், பனகல் பார்க் பக்கத்தில் படகு மிதந்ததைத் தாமே பார்த்ததாக என்னிடம் சொன்னார். ஏரியின் நுங்கம்பாக்கத்துப் பகுதி நெடுநாள் நீடித்து, 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்த இடமும் அதைச் சேர்ந்ததே ஆகையால், அதைச் சொல்கிறாரோ என்றெண்ணி, ஆண்டுக் கணக்கைச் சொல்லி மறுக்காமல், "அப்போது யார் கையைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள், பாட்டி?" என்று மட்டும் கேட்டேன். சற்று யோசித்தார். "எங்கம்மா கையைத்தான். இல்லையேப்பா, அம்மாவுக்கு அப்போ கல்யாணமே ஆகலையே! அவ சின்னப் பொண்ணா நின்னு பார்த்ததுன்னா அது!" என்றார்.

நேயர்களே, அவர் பொய் சொல்லவில்லை. தாயின் கண் கண்டதைத் தம் கண் கண்டதாக ஏற்றுக்கொண்டிருந்தார். ஆகவே அதை நீக்காமல், 'தாய் கண்டது, மகள் சொன்னது' என்றே குறித்துக்கொண்டேன். எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்து வெயில், உடன் நின்றவர் யார் என்று உடம்போடு ஒட்டிய விவரங்களைக் கேட்டால், கண்டதும் கேட்டதும் பெரும்பாலும் தாமே பிரிந்துவிடுகின்றன. என் நோட்டுப் புத்தகத்திலும் பக்கத்தை இரண்டாக மடித்து, இடப்புறம் கண்டதையும் வலப்புறம் கேட்டதையும் எழுதுகிறேன். தோட்டத்துடன் கூடிய தனி வீடுகளும், திண்ணைகளும், உஸ்மான் ரோட்டில் சாவகாசமாக நடக்க முடிந்த மாலைகளும் என் இடப்புறம். ஏரி முழுவதும் வலப்புறம். அவ்வீடுகளே ஏரியை அகற்றி வந்தவை என்பதால், அவை இடிந்ததற்கு வருந்தும் நான் இந்த நிலத்தின் ஆதி சாட்சியல்லன், நடுவில் வந்தவன் என்பதை அந்த மடிப்பு எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

உங்கள் இல்லத்தில் எண்பதைக் கடந்தவர் இருப்பாராயின், இந்த வாரமே அருகில் அமர்ந்து, அவர் சொல்வதைத் தேதியிட்டு, கண்டவர் யார் என்பதையும் சேர்த்து எழுதி வையுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன்.