தொழில் தடை நிபந்தனைகள்: செல்லுபவையும் செல்லாதவையும்



டில்லி மோதி பாக்கில் ஒரு மிட்டாய்க் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் உரிமையாளர் கந்தசாமி, கடையையும் அதன் வணிக நற்பெயரையும் கோபாலனுக்கு விற்கிறார். கோபாலன் அத்தொழிலை நடத்திவரும் வரை, மோதி பாக் எல்லைக்குள் தாம் அத்தகைய கடை வைப்பதில்லை என்றும் எழுதிக் கொடுக்கிறார். அந்நிபந்தனை செல்லுமா? சட்டத் தேர்வில் இக்கேள்விக்கு நான்கு விடைகள் தரப்படும். செல்லும், செல்லாது, ஒரு தரப்பார் விரும்பினால் செல்லாததாக்கத் தக்கது, ஐந்து ஆண்டுக்கு மட்டும் செல்லும். முதல் விடையே சரி.

இப்போது ஒரே ஒரு விவரத்தை மாற்றுவோம். கந்தசாமி கடையை விற்கவில்லை; அவரிடம் வேலை செய்த சமையற்காரர் விலகுகிறார். விலகிய பின் இரண்டு ஆண்டு மோதி பாக்கில் கடை வைக்கலாகாது என்பது அவருடைய வேலை ஒப்பந்தம். காலமும் குறுகியது, இடமும் சிறியது. நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆயினும் அது செல்லாது. மாணவர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27-ஆம் பிரிவில், சட்டத்துக்கு உட்பட்ட தொழிலையோ வணிகத்தையோ ஒருவர் செய்யாமல் தடுக்கும் உடன்படிக்கை, அத்தடையின் அளவுக்குச் செல்லாது என்று கூறுகிறது. வணிக நற்பெயரை விற்றவர்மீது, குறித்த எல்லைக்குள், நியாயமான அளவில் விதிக்கும் தடை மட்டுமே அப்பிரிவிலேயே சொல்லப்பட்ட விலக்கு. கூட்டு வாணிபச் சட்டம் கூட்டாளிகளுக்குச் சில விலக்குகளைத் தனியே தருகிறது. இங்கிலாந்திலோ நீதிபதிகள் தடை நியாயமானதா என்று பார்த்து முடிவு செய்வர். ‘நியாயமானது, ஆகவே செல்லும்’ என்ற விடையைத் தேர்ந்தெடுப்பவர் அந்நாட்டுச் சட்டத்தை இங்கே எழுதுகிறார் என்றே கொள்ளவேண்டும்.

இவ்வேறுபாட்டைக் கல்கத்தா உயர்நீதிமன்றம் 1874-இலேயே தெளிவாக்கிற்று. ஒரே பகுதியில் கடை நடத்திய இரு தரப்பினர். ஒருவர் கடையை மூடினால், அவர் தம் வேலையாட்களுக்குக் கொடுத்திருந்த முன்பணத்தை மற்றவர் தருவதென்பது ஏற்பாடு. கடை மூடப்பட்டது, பணம் வரவில்லை. வழக்குத் தொடுத்தவர் தோற்றார். அடுத்துள்ள 28-ஆம் பிரிவில் ‘முற்றிலுமாக’ என்ற சொல் இருக்கிறது, 27-இல் இல்லை. ஆதலின் ஓர் ஊரின் ஒரு மூலையில் மட்டும் விதிக்கும் தடையும் தடையே என்று தலைமை நீதிபதி கௌச் தீர்த்தார். கடையை மூடியவர் நிலை பரிதாபமானதுதான். ஆனால் செல்லாத வாக்குறுதிக்கு ஈடாகச் சொன்ன பணத்தையும் கேட்க இயலாது.

மோதி பாக்கிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள சவுத் எக்ஸ்டென்ஷனை ஒட்டியும் ஒரு வழக்கு எழுந்தது. கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சூபரின்டெண்டென்ஸ் கம்பெனி, சரக்குகளின் எடையையும் தரத்தையும் சோதித்துச் சான்று தருவது. அதன் டில்லிக் கிளை மேலாளரின் ஒப்பந்தத்தில், ‘கம்பெனியை விட்டு நீங்கிய’ பின் இரண்டு ஆண்டு, கடைசியாகப் பணிபுரிந்த இடத்தில் அதே தொழில் செய்யலாகாது என்றிருந்தது. 1978 டிசம்பரில் கம்பெனியே அவரைப் பணியிலிருந்து நீக்கியது. அவர் சவுத் எக்ஸ்டென்ஷனில் அதே தொழிலைத் தொடங்கினார். கம்பெனி தடையாணை கேட்டது.

1980-இல் உச்ச நீதிமன்றம் கம்பெனியின் மேல்முறையீட்டைத் தள்ளியது. ஆனால் காரணத்தைக் கவனிக்கவேண்டும். ‘நீங்குவது’ என்பது தானே விலகுவதைத்தான் குறிக்கும், நீக்கப்படுவதைக் குறிக்காது என்று இரு நீதிபதிகள் கூறினர். 27-ஆம் பிரிவின்படி நிபந்தனை செல்லுமா என்பதை அவர்கள் முடிவு செய்யவில்லை. நீதிபதி ஏ. பி. சென் மட்டும் தனித் தீர்ப்பில், பணி முடிந்த பின் விதிக்கும் தடை அப்பிரிவின்படி செல்லாது என்று விளக்கினார். ‘பெரும்பான்மையோர் எதன்மேல் தீர்த்தனர்?’ என்று கேள்வி வந்தால், சொல்லின் பொருள்மேல் என்பதே விடை.

பணிக்காலத்துக்குள் விதிக்கும் தடை வேறு வகை. 1967-இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்த செஞ்சுரி ஸ்பின்னிங் வழக்கில், டயர் நூல் தயாரிக்கும் ஆலையில் ஐந்து ஆண்டு பணிபுரிவதாக ஒப்பிய ஊழியர், 1964-இலேயே விலகிப் போட்டி ஆலையில் சேர்ந்தார். ஒப்பந்தக் காலமாகிய 1968 மார்ச் வரைக்கும் மட்டும் அவரைத் தடுத்த ஆணையை நீதிமன்றம் நிலைநிறுத்தியது. அத்தகைய தடை மனச்சாட்சிக்கு ஒவ்வாததாகவோ, மிகக் கடுமையானதாகவோ, ஒருதலைப்பட்சமானதாகவோ இருந்தாலன்றித் தொழில் தடையாகாது. ஆகவே கேள்வியைப் படிக்கையில் முதலில் தேடவேண்டியது, ‘பணியிலிருக்கையில்’ என்றிருக்கிறதா, ‘பணி முடிந்தபின்’ என்றிருக்கிறதா என்பதே. ஆண்டுக் கணக்கும் ஊர்ப் பெயரும் பிறகு பார்க்கத்தக்கவை.

மறுபடி மிட்டாய்க் கடைக்கு வருவோம். கோபாலன் ஓராண்டு கழித்து மிட்டாய் வியாபாரத்தையே கைவிட்டு அங்கே துணிக்கடை வைத்தால் என்னாகும்? வாங்கியவர் அத்தொழிலை நடத்தும் வரைதான் விலக்கு. ஆகவே கந்தசாமி எதிர்த் தெருவிலேயே அடுப்பு மூட்டலாம். மோதி பாக் என்பதற்குப் பதில் இந்தியா முழுவதும் என்று எழுதியிருந்தாலோ, ஒரு தெருக்கடையின் நற்பெயருக்கு அது நியாயமான எல்லை என்று எந்த நீதிமன்றமும் ஏற்பது அரிது.