ஒரு டொலர்ச் சப்பாத்து



பேர்பெற்ற நிறுவனங்களின் பெயரால் நம் கைத்தொலைபேசிகளுக்கு வந்து சேரும் பரிசுக் கேள்விகளைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச முன்வந்துள்ளோம். பலவற்றைத் தொட்டுச் செல்வதிலும் ஒன்றை எடுத்து ஆராய்வதே நலமென எண்ணுகின்றோம்.

2018 ஆம் ஆண்டில் வாட்ஸ்அப் வழியே பல நாடுகளில் ஒரு செய்தி உலாவிற்று. அடிடாஸ் நிறுவனம் தனது 69 ஆவது ஆண்டு நிறைவை முன்னிட்டு 2500 சோடி சப்பாத்துக்களை இலவசமாக வழங்குகின்றது என்பதே அச்செய்தி. அந்நிறுவனம் தொடங்கப்பட்டது 1949 இல். ஆகவே கணக்குப் பார்த்தவர்க்கும் ஐயம் எழவில்லை. பொய்யின் நடுவே இப்படி ஒரு மெய்யை வைப்பதில் இவர்கள் வல்லவர்கள்.

செய்தியோடு வந்த முகவரியைப் பாருங்கள். adidas என்னும் பெயரின் நடுவிலுள்ள i என்ற எழுத்துக்கு மேற்புள்ளி இல்லை. அது துருக்கி மொழியில் வழங்கும் ı என்ற வேறோர் எழுத்து. adıdas, adidas என்னும் இரண்டும் அவசரக் கண்ணுக்கு ஒன்றே; கணினிக்கோ முற்றிலும் வேறான பெயர்கள். சில உலாவிகள் முன்னதை xn--addas-o4a என்று காட்டிவிடும். ஆங்கில எழுத்தாலாகிய பெயரையுடைய நிறுவனத்தின் முகவரியில் xn-- என்று கண்டால் அப்பக்கத்தை உடனே மூடிவிடலாம்.

உள்ளே சென்றவரிடம் நான்கு எளிய கேள்விகள் கேட்கப்பட்டன. எவ்விடை அளித்தாலும் அவர் தகுதி பெற்றுவிடுவார்! அடுத்து, செய்தியை நண்பர்களுக்கு அனுப்பும்படி வேண்டினார்கள். உண்மையில் அனுப்பினோமா என்பதை ஓர் இணையப் பக்கம் அறிய வழியில்லை. பொத்தானை எத்தனை முறை அழுத்தினோம் என்பதையே அது எண்ணும். ஆயினும் மக்கள் அனுப்பினார்கள். அந்நியர் அனுப்பினால் நம்பாத செய்தியை, மைத்துனர் அனுப்பினால் நம்புகின்றோம் அல்லவா?

இறுதியிலே, சப்பாத்தைப் பெற ஒரு டொலர் மாத்திரம் செலுத்துக என்றார்கள். இங்கேதான் சூழ்ச்சி முழுவதும் இருக்கின்றது. பொருளை அனுப்புவதற்கென்று கேட்டால் பெயரையும் வீட்டு முகவரியையும் தருவது இயல்பாகத் தோன்றும். ஒரு டொலருக்காகக் கடனட்டை இலக்கம், காலாவதித் திகதி, பின்புறத்து மூன்று இலக்கங்கள் ஆகிய அனைத்தையும் கொடுத்துவிடுவோம். மாதந்தோறும் ஏறக்குறைய 50 டொலர் அறவிடப்படும் சந்தாவில் அந்த ஒரு டொலரே அவரைச் சேர்த்துவிட்டது. சப்பாத்து வரவில்லை.

வங்கி அனுப்பும் ஒருதடவைக் குறியீடு நம்மைக் காக்குமே என்று நண்பர் சிலர் கூறுகின்றனர். முதற் கொடுப்பனவுக்கு அக்குறியீட்டை நாமே இட்டுவிடுகின்றோம். அதன்பின் சந்தாவென்று அறவிடும் தொகைகளுக்குப் பெரும்பாலும் அது கேட்கப்படுவதில்லை.

அட்டை விபரத்தைக் கொடுத்துவிட்டவர் செய்தியை அழிப்பதால் பயனில்லை. அட்டையின் பின்புறத்திலுள்ள இலக்கத்திற்கு அன்றே அழைத்து, அவ்வட்டையை நிறுத்திப் புதிய இலக்கத்தோடு வேறொன்று பெறவேண்டும். சந்தாவுக்குச் சம்மதமில்லை என்பதையும் வங்கிக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும். கணக்கறிக்கையிலே ஒரு டொலர் மாத்திரம் கழிந்திருக்கிறதே என்று காத்திருப்பவருக்கு அடுத்த மாதம் 50 டொலர் கழியும்.