உச்சி வெயிலும் அகலாங்கும்



பூச்சோங்கில் கடிகாரம் பன்னிரண்டு காட்டும்போது சூரியன் உச்சிக்கு வருவதில்லை. நாம் பின்பற்றும் மலேசிய நேரம் 120 பாகை கிழக்கு நெட்டாங்குக்கு உரியது. நாமோ ஏறத்தாழ 101 பாகை 37 கலையில் வாழ்கிறோம். இடையிலுள்ள பதினெட்டுப் பாகைக்கும் சற்று மிகுந்த இடைவெளியைச் சூரியன் கடக்க 73 நிமிடங்களுக்கு மேல் ஆகும். ஆகவே நமக்கு நண்பகல் என்பது பிற்பகல் ஒன்றேகால் மணியை ஒட்டி, ஆண்டின் நாளுக்கேற்பச் சில நிமிடங்கள் முன்பின்னாக வருவது. அந்தக் கணத்தில் சூரியன் எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறது என்று அளந்தால், நிலநடுக்கோட்டிலிருந்து நாம் எவ்வளவு தொலைவில் இருக்கிறோம் என்பது தெரிந்துவிடும். மாலுமிகள் செக்ஸ்டண்ட் கருவியைக் கொண்டு நாள்தோறும் செய்துவந்த பணி இதுவே.

செக்ஸ்டண்ட் என்ற பெயர் ஆறில் ஒரு பங்கு எனப் பொருள்படும். அதன் அடிவில் வட்டத்தின் ஆறில் ஒரு பங்கு, அதாவது 60 பாகை. ஆனால் அதில் 120 பாகை வரை எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். கண்ணாடி ஒரு பாகை திரும்பினால், அதில் பட்டுத் தெறிக்கும் ஒளி இரண்டு பாகை திரும்புகிறது என்பதே காரணம். இரு கண்ணாடிகள் வழியாகச் சூரியனின் பிம்பத்தைக் கீழிறக்கித் தொடுவானத்தின் மீது அமரச் செய்கிறோம். கப்பல் ஆடினாலும் பிம்பமும் தொடுவானமும் சேர்ந்தே ஆடுவதால் அளவு கெடுவதில்லை. இக்கருவியின் முன்னோடியான ஆக்டண்ட்டை ஜான் ஹாட்லி 1731இல் இலண்டன் அரசக் கழகத்தில் விளக்கினார்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பூச்சோங்கில் கடல் இல்லையே, தொடுவானத்துக்கு எங்கே போவது? உள்நாட்டில் அளப்போர் தட்டில் கெட்டி எண்ணெயோ பாதரசமோ ஊற்றி, அதில் தெரியும் சூரியனையும் வானத்துச் சூரியனையும் ஒன்றாக்குவர். அப்போது கருவி காட்டுவது உயரத்தின் இருமடங்கு. இதில்தான் நமக்குச் சிக்கல். பூச்சோங்கின் நண்பகல் சூரியன் மிகத் தாழ்ந்து நிற்கும் டிசம்பர் மாதத்திலும் அதன் உயரம் சுமார் 63½ பாகை. இருமடங்கு 127. பெரும்பாலான கருவிகளின் அளவுகோல் 120ஐச் சற்றுத் தாண்டியதும் முடிந்துவிடும். சென்னையில் ஒரு மொட்டைமாடியில் டிசம்பர் மாதத்தில் இம்முறை தடையின்றி நடக்கும்; அங்கே இருமடங்கு 107தான். நாம் கடலுக்குத்தான் போக வேண்டும். மோரிப் கரையில் டிசம்பரில் தெற்கே கடல் கிடைக்கும். ஜூனிலோ சூரியன் வடக்கே நிற்கும், அதன்கீழ் நிலமே இருக்கும்.

எனவே மலாக்கா நீரிணையில் ஒரு கப்பலில் ஏறுவோம். கிள்ளான் துறைமுகத்துக்கு மேற்கே பெர்மாத்தாங் செடெப்பா என்ற மணல்திட்டும் அதன்மேல் கலங்கரை விளக்கமும் உள்ளன. ஆங்கில வழக்கில் அது 'ஒரு பாகத் திட்டு'. மலாய் 'டெப்பா'வும் நம் மீனவர்கள் ஆழத்துக்குச் சொல்லும் 'பாக'மும் விரித்த இரு கைகளின் நீளத்தையே குறிக்கின்றன. கடலை அளக்க முதலில் உடம்பைத்தான் பயன்படுத்தியிருக்கிறோம்.

டிசம்பர் 22ஆம் நாள் அத்திட்டுக்கு அருகே நிற்பதாகக் கொண்டு ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நாம் அமைத்துக்கொண்ட கணக்கு. நண்பகல் 1.14 மணிக்கு வரும் என்று முன்னரே கணித்துக்கொண்டு, கால் மணி நேரம் முன்னதாகவே தளத்துக்கு வருகிறோம். நிழற்கண்ணாடிகளைச் சூரியனுக்குக் குறுக்கே இட்ட பின்னரே கண்ணைக் குழலில் வைக்க வேண்டும். இதில் விலக்கு இல்லை. பிம்பத்தைத் தெற்குத் தொடுவானத்துக்கு இறக்கி, கருவியை ஊசலைப் போல் இருபுறமும் மெல்லச் சாய்க்கிறோம். பிம்பம் ஒரு வில்லாக அசையும். அவ்வில்லின் மிகத் தாழ்ந்த புள்ளியில் சூரியனின் கீழ்விளிம்பு தொடுவானத்தை உரச வேண்டும். சூரியன் ஏற ஏறப் பிம்பம் தொடுவானத்தை விட்டு எழும். திருகைத் திருப்பி மீண்டும் இறக்குகிறோம். ஒரு கட்டத்தில் எழுவது நின்று, சற்று நேரம் தொங்கி, பின் பிம்பம் கடலுக்குள் அமிழத் தொடங்கும். தொங்கிய அளவே நமக்கு வேண்டியது. அதை மூன்று நிமிடம் தவறவிட்டாலும் பிழை அரைக் கலையைச் சற்றே தாண்டும். துல்லியமான கடிகாரம் தோன்றுமுன்பே மாலுமிகள் அகலாங்கை நம்பிக்கையோடு அறிந்தமைக்கு இதுவே காரணம்.

கருவி காட்டியது 63 பாகை 32.4 கலை என்க. முதலில் கருவியின் சொந்தப் பிழை. அளவைச் சுழியில் வைத்துத் தொடுவானத்தைப் பார்த்தபோது கோடு ஒன்றாகவில்லை. 2 கலை மிகையாகக் காட்டியது. அதைக் கழித்தால் 63 பாகை 30.4. அடுத்து, கண் கடல்மட்டத்துக்கு 9 மீட்டர் மேலே இருப்பதால் தொடுவானம் உண்மையான கிடைமட்டத்துக்குக் கீழே தெரிகிறது. அதற்கு 5.3 கலை கழிக்க, 63 பாகை 25.1. நாம் அளந்தது கீழ்விளிம்பு, வேண்டியது நடு. சூரியனின் அரைவிட்டம் 16.3 கலையைக் கூட்டி, காற்று ஒளியை வளைப்பதற்காக அரைக் கலையைக் கழிக்கிறோம். முடிவு 63 பாகை 40.9 கலை.

இதைத் தொண்ணூறிலிருந்து கழித்தால் 26 பாகை 19.1 கலை. நம் தலையுச்சியிலிருந்து சூரியன் அவ்வளவு தெற்கே இருக்கிறது. அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 23 பாகை 26.2 கலையில் நிற்கும் இடத்துக்கு நேர்மேலே உள்ளது எனக் கடற்பஞ்சாங்கம் சொல்கிறது. அந்த இடத்துக்கு வடக்கே நாம் 26 பாகை 19.1 கலை தள்ளி இருக்கிறோம். ஆகவே நடுக்கோட்டுக்கு வடக்கே 2 பாகை 52.9 கலையில் இருக்கிறோம். கூட்டலா, கழித்தலா என்று மாணவர் மனப்பாடம் செய்யும் விதியைவிட, சூரியன் எந்த ஊருக்கு மேலே நிற்கிறது என்று படம் வரைந்து பார்ப்பதே மேல் என்பது நம் கருத்து.

ஒரு கலை என்பது ஒரு கடல் மைல். கூட்ட வேண்டிய அரைவிட்டத்தைக் கழித்துவிட்டால் விடை 32 மைலுக்கு மேல் தவறும். நீரிணையின் கணக்கில் அது சிறு தவறன்று. புகைமூட்ட நாள்களில் வேறொரு பிழையும் வரும்: தொடுவானம் மங்கி, அருகிலுள்ள நீரின் விளிம்பையே தொடுவானமாக எண்ணிவிடுவோம். அப்போது சூரியன் உண்மையைவிட உயரமாகத் தோன்றும். அடுத்தடுத்து எடுத்த அளவுகள் சீராக ஏறி இறங்காமல் துள்ளினால், தொடுவானத்தை ஐயுற வேண்டும்.

இனி மார்ச் இறுதிக்கு வருவோம். மார்ச் 28ஐ ஒட்டியும் செப்டம்பர் நடுவிலும் சூரியன் ஏறத்தாழ நம் தலைக்கு நேர்மேலே வருகிறது. அந்நாள்களில் மேற்சொன்ன முறை கைகொடுப்பதில்லை. கருவியைச் சாய்த்தால் பிம்பம் தொடுவானத்தை ஒட்டியே நெடுந்தொலைவு ஓடும். தாழ்ந்த புள்ளி எது என்று சொல்ல இயலாது. சூரியன் தொங்குவதும் இல்லை. கிழக்கே இருந்தது சில நிமிடங்களில் மேற்கே போய்விடும். வடக்கே கடந்ததா, தெற்கே கடந்ததா என்பதே குழப்பமாகும்.

இந்த இடர்தான் வேறொரு வழியைத் திறக்கிறது. ஒவ்வொரு கணத்திலும் சூரியன் பூமியின் ஏதோ ஒரு புள்ளிக்கு நேர்மேலே உள்ளது. நாம் அளந்த உயரம் 89 பாகை என்றால், அப்புள்ளியிலிருந்து 60 கடல் மைலில் இருக்கிறோம். வழக்கமான நாள்களில் இவ்வட்டம் ஆயிரக்கணக்கான மைல் பரந்து வரைபடத்துக்குள் அடங்காது. மார்ச் இறுதியில் கவராயத்தாலேயே அதை வரைந்துவிடலாம். நண்பகலுக்குச் சில நிமிடம் முன்பு கிழக்கு நோக்கி ஓர் அளவு, நண்பகலில் ஒன்று, பின்னர் மேற்கு நோக்கி ஒன்று. சூரியனின் புள்ளி நிமிடத்துக்குப் பதினைந்து கலை மேற்கே நகர்வதால் மூன்று வட்டங்களுக்கும் மையம் வேறு. அவை வெட்டிக்கொள்ளும் இடமே கப்பல் இருக்கும் இடம். அகலாங்கோடு நெட்டாங்கும் கிடைத்துவிடுகிறது. ஆனால் இங்கே கடிகாரம் இன்றியமையாதது. நான்கு நொடி பிசகினால் மையம் ஒரு மைல் நகர்ந்துவிடும்.