கெப்ளர் பார்த்த பதினொரு பெண்கள்



இலக்கிய நிகழ்ச்சியில் கணிதம் பேச வந்திருக்கிறேன் என்று வானொலிப் பெட்டியை மூடிவிடாதீர்கள். நான் பேசப்போவது ஒரு கடிதத்தைப் பற்றி. கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று கண்டறிந்த யொஹான்னஸ் கெப்ளர் 1613ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் ஒரு பிரபுவுக்கு எழுதிய கடிதம் அது. 1611இல் முதல் மனைவி பார்பரா இறந்தார். பிள்ளைகளோடு தனித்துப்போன கெப்ளர் மறுமணத்துக்காக இரண்டு வருட காலத்தில் பதினொரு பெண்களைப் பற்றி யோசித்தார். அந்தத் தடுமாற்றத்தை எல்லாம் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

நாலாவது பெண் உயரமானவள், நல்ல உடற்கட்டுள்ளவள். அவளையே முடித்திருப்பார். அதற்குள் ஐந்தாவதாகச் சூசன்னா என்ற பெண்ணின் பேச்சு வந்துவிட்டது. தாய் தகப்பன் இல்லாதவள், தச்சுத் தொழிலாளி ஒருவரின் மகள், சீதனம் கிடையாது. குடும்பப் பெயரிலும் பொருளிலும் நாலாவது பெண்ணே மேல். சூசன்னாவிடம் இருந்தவை சிக்கனம், உழைப்பு, தாயில்லாப் பிள்ளைகள் மேல் அன்பு. கெப்ளர் இருவரையும் தராசில் வைத்து நிறுத்துக்கொண்டே இருந்தார். காத்திருந்து அலுத்துப்போன நாலாவது பெண் வேறொருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள்.

இந்த நிலைமையைத்தான் இருபதாம் நூற்றாண்டின் கணித வல்லுநர்கள் ஒரு விளையாட்டாக மாற்றினார்கள். 1960இல் மார்ட்டின் கார்ட்னர் தம்முடைய சஞ்சிகைப் பத்தியில் எழுதிய பின் அது பரவலாகத் தெரியவந்தது. எத்தனை பேர் என்பது முன்கூட்டியே தெரியும். எந்த ஒழுங்கும் இல்லாமல் ஒவ்வொருவராக வருவார்கள். வந்தவரை அதுவரை பார்த்தவர்களோடு ஒப்பிடலாம். வேண்டாம் என்று விட்டால் அவர் திரும்பி வரமாட்டார். எல்லோரிலும் சிறந்தவரைப் பிடித்தால் வெற்றி, வேறு யாரைப் பிடித்தாலும் தோல்வி. எங்கே நிறுத்துவது?

மூன்று பேர் மட்டும் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் வரக்கூடிய வரிசைகள் ஆறு. கண்ணை மூடிக்கொண்டு முதலாமவரையே ஏற்றால் ஆறில் இரண்டு வரிசைகளில்தான் வெற்றி. அதற்குப் பதிலாக முதலாமவரை வெறுமனே பார்த்துவிட்டு, அவரை விடச் சிறந்தவராக அடுத்து வருபவரை ஏற்பதென்று தீர்மானியுங்கள். சிறந்தவர் இரண்டாவதாக வந்தால் உறுதியாக வெற்றி. அப்படி இரண்டு வரிசைகள். அவர் கடைசியாக வந்தால், இரண்டாம் தரமானவர் முதலில் வந்துபோயிருக்க வேண்டும். அப்படி ஒரு வரிசை. ஆக ஆறில் மூன்று, சரிபாதி. வெறுமனே பார்த்துவிடப்பட்ட அந்த முதலாமவர்தான் நமக்கு அளவுகோலாகிறார்.

ஆட்கள் கூடினால், ஏறத்தாழ 37 வீதத்தினரைப் பார்த்துவிட்டு, பிறகு அவர்கள் எல்லோரையும் விஞ்சுகிற முதல் ஆளிடம் நிற்க வேண்டும். பதினொரு பேருக்கு அது நாலு பேர். வெற்றி வாய்ப்பு ஏறத்தாழ 40 வீதம். வேடிக்கையைப் பாருங்கள்: நாலு பேரை விட்டபின் முதலில் வருபவள் ஐந்தாவது பெண்! கெப்ளர் கடைசியில் மணந்ததும் ஐந்தாவது பெண்ணைத்தான்.

ஆனால் விதிப்படி அவர் நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்தோடு நிற்காமல் பதினொன்று வரை போனார்; பிறகு திரும்பி வந்தார். விளையாட்டில் அதற்கு இடமில்லை. நண்பர்களின் கண்ணால் பார்த்து நாலாவது பெண்ணே மேல் என்று அவர் கருதியிருந்தால், விதி அவரைச் சூசன்னாவிடம் நிறுத்தியிராது. நாலாவதே எல்லோரிலும் சிறந்தவள் என்றால், அவர் கடைசிப் பெண்ணைத்தான் ஏற்க நேர்ந்திருக்கும். பதினொன்றில் நாலு பங்கு வாய்ப்பில் இந்த விபத்து நடந்தே தீரும். இது அந்த விதியின் ஊமைக் காயம்.

எனக்கு இந்தக் கணக்கில் பிடிக்காதது வேறொன்று. இரண்டாம் தரமானவரையும் பதினொன்றாம் தரமானவரையும் அது ஒன்றாகவே தோல்வி என்கிறது. கலியாணம் செய்த யாரும் இதை ஒப்பமாட்டார்கள். அத்தோடு, பார்த்துவிடப்படும் நாலு பேருக்கும் ஒரு மனம் உண்டென்று கணக்குக்குத் தெரியாது. எண்கள் எழுதிய கடதாசித் துண்டுகளை வைத்து ஆடும்போது அது குற்றமில்லை. கெப்ளரின் நாலாவது பெண் கடதாசித் துண்டு அல்லவே. அவளும் அல்லவா தெரிவு செய்துகொண்டிருந்தாள்.

1613 ஒக்டோபர் 30ஆம் திகதி கெப்ளர் சூசன்னாவை மணந்தார். புதுக் குடித்தனத்துக்கு வைன் வாங்கியபோது, வியாபாரி பீப்பாவுக்குள் ஒரு கோலைச் சரிவாக விட்டு அளந்து விலை சொன்னான். கெப்ளருக்குச் சந்தேகம் பிறந்தது. அதிலிருந்து 1615இல் பீப்பாக்களின் கொள்ளளவு பற்றி ஒரு நூலே வந்தது. உச்ச அளவுக்குப் பக்கத்தில் சற்று விலகினாலும் நட்டம் மிகச் சொற்பம் என்று அதில் அவர் கண்டார். நமது கணக்கிலும் அப்படியே. நாலுக்குப் பதில் மூன்று பேரைப் பார்த்துவிட்டால் வாய்ப்பு 39 வீதம். ஐந்து பேரை விட்டால் 38 வீதம். பீப்பா செய்பவர்கள் கணிதம் தெரியாமலே நல்ல வடிவத்தை எட்டிவிட்டதற்கு இதுவே காரணம் என்று கெப்ளர் கருதினார்.